பெர்முடேஷனா, காம்பினேஷனா? இரண்டை இடம் மாற்றிப் பார்

(தனிநிலைக் கணிதம், எண்ணும் முறைகள் பகுதிக்கான வகுப்புக் குறிப்பு)

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலை எடுத்துக்கொள்வோம். குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகமண்டலம் என்று ஆறு நிலையங்கள். எங்கிருந்தும் எங்கும் போக டிக்கெட் தருகிறார்கள் என்றால், எத்தனை விதமான டிக்கெட் வேண்டும்?

கேத்தியிலிருந்து லவ்டேலுக்கு எடுத்த டிக்கெட்டைக் காட்டி லவ்டேலில் ஏறிக் கேத்திக்கு வர முடியாது. ஊர்ப் பெயர்களை இடம் மாற்றினால் அது வேறு டிக்கெட். வரிசை முக்கியம், ஆகவே வரிசை மாற்றம்:

```
nPr = n!/(n-r)!
6P2 = 6 × 5 = 30
```

சரி, அதே ஆறு நிலையங்களுக்கு இடையிலான தூரங்களைப் பட்டியல் போட வேண்டும். இப்போது கேத்தி–லவ்டேல் தூரமும் லவ்டேல்–கேத்தி தூரமும் ஒன்றே. 30-இல் ஒவ்வொரு ஜோடியும் இரண்டு முறை வந்திருக்கிறது. அதனால் சேர்மானம்:

```
nCr = n!/(r!(n-r)!)
6C2 = 30/2! = 15
```

கீழே வந்து நிற்கும் r! எதற்கு என்று நிறையப் பேர் கேட்பதே இல்லை. மூன்று பேரை வரிசையில் நிறுத்த 3! = 6 வழி. வரிசை வேண்டாம் என்றால் அந்த ஆறும் ஒரே குழு. ஆறால் வகுத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

கணக்கில் ‘தேர்ந்தெடு’ என்று வந்தாலே C போடும் பழக்கம் வேண்டாம். அந்தச் சொல்லை நம்பிப் பட்டப்படிப்புத் தேர்வில் ஒரு முழுக் கணக்கைக் கோட்டை விட்டவன் நான். 12 பேரில் தலைவர், செயலர், பொருளாளரைத் தேர்ந்தெடுக்க 12P3 = 1320 வழி. வகுப்பறையைக் கூட்ட மூன்று பேர் போதும் என்றால் 12C3 = 220. சொல் ஒன்றுதான். ஆனால் தலைவரையும் பொருளாளரையும் இடம் மாற்றினால் ஊரே பேசும். துடைப்பம் பிடித்தவர்களை மாற்றினால் யாருக்கும் தெரியாது.

எனவே சூத்திரத்துக்குப் போகும் முன் விடைகளில் ஏதாவது ஒன்றை எழுதுங்கள். அதில் இரண்டை இடம் மாற்றுங்கள். புது விடை கிடைத்தால் P, பழையதே வந்தால் C.

இரண்டும் ஆகாத கணக்கும் வரும். நான்கு இலக்க ஏடிஎம் பின் எண்ணில் வரிசை முக்கியம்தான், ஆனால் ஒரே இலக்கம் திரும்பவும் வரலாம். 10P4 = 5040 தவறு; 10 × 10 × 10 × 10 = 10000 சரி.

அப்புறம், பாதி வரிசைக் கணக்கு. தொட்டபெட்டாவுக்குப் போகும் 8 பேரில் 3 பேர் சாப்பாட்டுப் பொறுப்பு, அவர்களில் ஒருவர் பணத்தையும் வைத்திருப்பார். பணம் வைத்திருப்பவரை மாற்றினால் விடை மாறும், மற்ற இருவரை மாற்றினால் மாறாது. முதலில் மூவரை எடுத்து, பிறகு அவர்களில் ஒருவரிடம் பணத்தைக் கொடுங்கள்:

```
8C3 × 3 = 56 × 3 = 168
```

பணம் வைத்திருப்பவரை முதலில் எடுத்தாலும் 8 × 7C2 = 8 × 21 = 168.