இறுதிச்சுற்று நேர அட்டவணை: நவம்பர் 14, சனிக்கிழமை, சுங்கை சிப்புட்

நடுவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் ஆறு அணிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

தீபாவளி முறுக்கு இன்னும் டின்னில் இருக்கும்போதே ஹேக்கத்தான் இறுதிச்சுற்று வந்துவிடுகிறது. தோட்டப் பொது மண்டபம் சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணி வரை நமக்கு. மதியத்துக்கு மேல் வைத்தால் என்ன என்று இரண்டு அணிகள் கேட்டிருந்தன. நவம்பர் மாதம், மண்டபத்துக்குத் தகரக் கூரை. மூன்று மணி மழை பிடித்தால் மைக்கில் கத்தினாலும் பின் வரிசைக்குக் கேட்காது. அதனால் காலையிலேயே முடிக்கிறோம்.

ஒவ்வோர் அணிக்கும் இருபது நிமிடம். ஆறு நிமிடம் படைப்பு, ஐந்து நிமிடம் கேள்வி, நான்கு நிமிடம் நடுவர்கள் மதிப்பெண் எழுத, மிச்சம் ஐந்து நிமிடம் மடிக்கணினி மாற்ற. ஐந்தாவது நிமிடத்தில் ஒரு மணி அடிப்பேன், ஆறாவதில் இரண்டு. இரண்டாவது மணிக்குப் பிறகு பேசுவது கணக்கில் வராது, எவ்வளவு நல்ல வாக்கியமாக இருந்தாலும் சரி.

வரிசையைச் சீட்டுக் குலுக்கிப் போடவில்லை. ஏன் இப்படி என்று காரணம் உள்ள இடங்களில் அந்தந்த நேரத்துக்குக் கீழேயே எழுதியிருக்கிறேன், பிறகு யாரும் வருத்தப்பட வேண்டாம்.

காலை 9.30: பாட்டி பாரம்
சொக்சோ, இபிஎஃப் பாரங்களைத் தமிழில் வாசித்துக் காட்டும் செயலி. மேடையில் செயலியை இயக்கப் போவது அணித்தலைவியின் சொந்தப் பாட்டியே. கந்தசஷ்டி விரதத்தில் இருக்கிறார், பதினொரு மணி அபிஷேகத்துக்குக் கோயிலில் இருக்க வேண்டும். அதனால் முதல் அணி இவர்கள். பாட்டி தடுமாறினால் யாரும் போனைப் பிடுங்கி அமுக்கிக் காட்டாதீர்கள். அவர் எங்கே தடுமாறுகிறார் என்பதைத்தான் நடுவர்கள் பார்க்க வேண்டும்.

9.50: பள்ளி வேன்
வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் செயலி. உண்மையான வேன் ஒன்று சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் அண்ணன் 10.30க்கு டியூஷன் பிள்ளைகளை ஏற்றப் போய்விடுவார்.

10.10: குலைக்கணக்கு
செம்பனைக் குலை எடைச் சீட்டைப் படம் பிடித்து மாதக் கணக்காக்கும் வேலை. அணியில் ஒருத்தி நம் நடுவர் முருகையா ஐயாவின் பேத்தி. இந்த ஊரில் சொந்தம் இல்லாமல் நடுவர் தேடினால் கடல் தாண்டித்தான் போகணும், ஆனாலும் முறை முறைதான். இந்த இருபது நிமிடம் ஐயா வெளியே தேநீர் குடிப்பார், அவர் நாற்காலியில் நிர்மலா ஆசிரியை உட்காருவார். அடுத்தது எல்லாருக்குமே இடைவேளை என்பதால் ஐயா ஒரு தடவை எழுந்தால் போதும். பேத்தி வரும் நேரத்தில் தானே விலகிக்கொள்வதாக முதலில் சொன்னவரும் அவர்தான்.

10.30 முதல் 10.50 வரை தேநீர். விரதக்காரர்களுக்குப் பழமும் பாலும் தனி மேசையில். ஆற்றுமட்டம் அணிக்கு மட்டும் தேநீர் மேடையிலேயே வந்து சேரும், ஏனென்றால்:

10.50: ஆற்றுமட்டம்
சுங்கை பிளஸ் நீர் ஏறினால் எச்சரிக்கும் கருவி. வாளி, தண்ணீர், ஒயர் எல்லாம் அடுக்க அவர்களுக்குப் பதினைந்து நிமிடம் வேண்டும். தம்பிகளா, நீங்கள் வைத்திருக்கும் தண்ணீர் புகாத சென்சார் 25 செ.மீ.க்குக் குறைவான தூரத்தைச் சரியாக அளக்காது. சின்ன வாளியில் தண்ணீர் ஏற ஏற எண் தாறுமாறாகக் குதிக்கும். உயரமான டிரம் கொண்டு வாருங்கள். மேடையில் மின்சார ஒயருக்குப் பக்கத்தில் தண்ணீர் சிந்தக் கூடாது, துணி உங்கள் பொறுப்பு.

11.10: ஆந்தை
எலி பிடிக்கச் செம்பனைத் தோட்டத்தில் வைக்கும் ஆந்தைக் கூண்டுகளில் எதில் ஆந்தை குடியேறியது, எது காலி என்று பதியும் வேலை.

11.30: காளான்
கனோடெர்மா பிடித்த மரத்தை அடித்தண்டுப் படத்திலிருந்து கண்டுபிடிப்பது. முழுக்கப் படங்கள். கிழக்கு ஜன்னல் வெயில் பதினொரு மணி வரை திரையில் அடிக்கும், திரைச்சீலையும் கிழிந்திருக்கிறது. கடைசியில் வந்தால்தான் படம் தெரியும். கடைசி அணி என்றால் நடுவர் களைத்திருப்பார் என்று கவலைப்பட்டீர்கள். நியாயம்தான். அதனால்தான் நடுவர்கள் ஒவ்வோர் அணி முடிந்ததும் மதிப்பெண்ணை அங்கேயே எழுதி, தாளை என்னிடம் தருகிறார்கள். கடைசியில் நினைவிலிருந்து எழுதுவது கிடையாது.

11.50க்கு நடுவர்கள் பின் அறைக்குப் போவார்கள். 12.30க்கு முடிவு, பிறகு சைவச் சாப்பாடு.

நடுவர்கள் மூவர்: பினாங்கிலிருந்து மென்பொருள் சோதனைத் துறையில் இருக்கும் தனலட்சுமி அக்கா, ஓய்வுபெற்ற தோட்டக் கண்டக்டர் முருகையா ஐயா, ஈப்போவில் மின்னணுவியல் கற்பிக்கும் ஃபரிட் சார். சாருக்குத் தமிழ் தெரியாது. நீங்கள் தமிழிலேயே பேசுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நான் மலாயில் சொல்கிறேன். ஸ்லைடில் தலைப்பு மட்டும் மலாயிலும் இருக்கட்டும். மாற்று நடுவர் நிர்மலா ஆசிரியை முதல் அணியிலிருந்தே உட்கார்ந்து எல்லாருக்கும் மதிப்பெண் போடுவார். குலைக்கணக்குக்குப் போட்டது மட்டும் சேரும். நடுவில் வந்து ஒரே ஓர் அணியைப் பார்த்தால் கை அளவு பிடிபடாது.

மதிப்பெண் நூற்றுக்கு: பிரச்சினையைப் புரிந்துகொண்டதற்கு 30, கண்ணெதிரே வேலை செய்வதற்கு 30, செலவு தாங்கி நீடிக்குமா என்பதற்கு 20, சொன்ன விதத்துக்கு 20. மூவரின் சராசரிதான் முடிவு. சமமானால் 'வேலை செய்வது' பகுதியில் அதிகம் வாங்கிய அணி மேலே.

வழிகாட்டிகளே, உங்கள் வேலை வெள்ளிக்கிழமை இரவோடு முடிகிறது. மண்டபத்தில் எட்டு மணிக்குச் சரவணன் அண்ணன் குலைக்கணக்கோடு, கவிதா அக்கா ஆந்தையோடு, பிரேம் பள்ளி வேனோடு. எட்டரைக்கு அதே வரிசையில் காளான், ஆற்றுமட்டம், பாட்டி பாரம். முதல் தடவை குறுக்கே பேசாமல் ஆறு நிமிடம் ஓடவிடுங்கள், பிறகு திருத்துங்கள். சனிக்கிழமை நீங்கள் பார்வையாளர்கள். கேள்வி நேரத்தில் வாயசைத்துப் பதில் சொல்வது பின்னாலிருந்து பார்த்தாலும் தெரியும்.

நிரல் வெள்ளி இரவு பத்து மணிக்குப் பூட்டப்படும். அதற்குள் ஒவ்வோர் அணியும் இதைச் செய்துவிட வேண்டும்:

```
git tag -a final -m "இறுதி"
git push origin final
```

நடுவர்கள் பார்ப்பது அந்தப் பதிப்பை மட்டும். பத்தரைக்கு எழுத்துப்பிழை திருத்தினேன் என்று வராதீர்கள்.

மண்டபத்தில் இணையம் பெயருக்குத்தான். உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டை நம்புங்கள், அதையும் முழுசாக நம்பாதீர்கள்: ஒன்றரை நிமிடக் காணொளி ஒன்றைப் பென்டிரைவில் கொண்டு வாருங்கள். புரொஜெக்டருக்கு HDMI மட்டும்தான். சின்ன USB-C துளை மட்டும் உள்ள மடிக்கணினிக்கு அடாப்டர் என்னிடம் ஒன்று இருக்கிறது, ஆறு அணிக்கும் அதுவே. அணிகள் 8.45க்கு வந்தால் ஆளுக்கு ஐந்து நிமிடம் திரையில் சோதித்துப் பார்க்கலாம்.

ஓட்டுநர், பாட்டி இருவரிடமும் பேசியாகிவிட்டது. அவர்கள் நேரம் மாறாது. மற்ற நான்கு அணிகளில் யாருக்காவது நேரம் ஒத்துவராவிட்டால் புதன் இரவு ஒன்பது மணிக்குள் இந்தக் குழுவிலேயே எழுதுங்கள், தனிச்செய்தி வேண்டாம். இன்னோர் அணி சம்மதித்தால் மாற்றித் தருகிறேன். நடுவர்கள் 'வருகிறேன்' என்று ஒரு வரி போட்டால் சாப்பாட்டுக்கு ஆள் கணக்குச் சொல்லிவிடுவேன்.

சுபா
ஒருங்கிணைப்பாளர்