'நல்லா இருக்கு' என்று ஒரு செய்தி, அதற்குப் போன பதில்

காலை 5.52

நல்லா இருக்கு

காலை 6.30

வணக்கம். ஐயாவா அம்மாவா என்று தெரியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். 'நல்லா இருக்கு' என்று அனுப்பியிருக்கிறீர்கள், மிக்க நன்றி. ஆனால் இந்த எண்ணிலிருந்து இதற்கு முன்னால் எனக்கு ஒரு செய்தியும் வந்ததில்லை. நானும் எதுவும் அனுப்பியதில்லை. அதனால் எதைச் சொல்கிறீர்கள் என்று பிடிபடவில்லை.

நான் திருத்துறைப்பூண்டி பக்கம் பாரம்பரிய நெல் விதை கொடுக்கிறவள். விதைப் பையின் மேல் என் எண் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்து அனுப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வேறு யாருக்கோ போக வேண்டியது இங்கே வந்திருந்தால் பரவாயில்லை, விட்டுவிடுங்கள்.

விதையைத்தான் சொல்கிறீர்கள் என்றால், எந்த நெல் என்று மட்டும் ஒரு வார்த்தை எழுதுங்கள். இந்தப் பட்டத்துக்குத் தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி மூன்றும் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு பையும் எந்த வயலில் அறுத்தது, யாருக்குப் போனது, எப்படி முளைத்தது என்று நோட்டில் எழுதி வைக்கிறேன். ஒரு வயல் விதை நன்றாக வந்தால் அடுத்த வருஷம் அதிலிருந்துதான் நாலு பேருக்குப் பிரித்துக் கொடுப்பேன். எதற்கு என்று தெரியாமல் 'நல்லா இருக்கு' என்று மட்டும் இருந்தால், மனசுக்குச் சந்தோஷம்தான், ஆனால் நோட்டில் எந்த வரிக்கு நேரே எழுதுவது?

முளைப்பைச் சொல்கிறீர்களா? அப்படியென்றால் எண்ணிப் பார்த்தீர்களா என்றும் சொல்லுங்கள். 100 நெல்லை எண்ணி ஈரச் சாக்கில் வரிசையாகப் பரப்பி, சுருட்டி, நிழலில் வைத்து, காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். 80-க்கு மேல் முளைத்தால் நம்பி விதைக்கலாம். சான்று விதைக்கும் அதே 80 சதவீதம்தான் கணக்கு. குறைவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். நான் வருத்தப்பட மாட்டேன், அந்த வயல் விதையை அடுத்தவருக்குக் கொடுக்காமல் நிறுத்திவிடலாம்.

இன்னும் ஊறவே போடவில்லை, நெல் பார்க்க நன்றாக இருக்கிறது என்கிறீர்களா? அப்போது ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தண்ணீரில் கல் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, நல்ல கோழி முட்டையைப் போட்டால் அது மேலே வந்து 25 பைசா அளவுக்கு வெளியே தெரிய வேண்டும். அந்தத் தண்ணீரில் விதையைக் கொட்டி, மிதக்கிற பதரையும் பொக்கையும் அள்ளி எறிந்துவிட்டு, அடியில் நிற்பதை உப்பு போக நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். கண்ணுக்கு அழகாகத் தெரிகிற நெல்லிலும் பதர் இருக்கும்.

மாப்பிள்ளைச் சம்பா அரிசி வாங்கிச் சமைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள் என்றால், ரொம்ப மகிழ்ச்சி. இரவே ஊறப் போட்டுக் காலையில் வடித்தால் இன்னும் பதமாக வரும்.

நேரம் கிடைக்கும்போது எழுதினால் போதும். போட்டோ இருந்தால் அதுவே போதும்.

காலை 7.14

அம்மாதான் பேசுறேன். தூயமல்லி. தம்பி போன்ல இருந்து உங்ககிட்ட பேசி வாங்கினோம், இது என் போன். நேத்து சாக்குல கட்டி வெச்சேன், இப்ப பிரிச்சா முளை நல்லா இருக்கு. வெள்ளையா குருத்து விட்டிருக்கு

காலை 7.20

இப்போது புரிகிறதும்மா, நோட்டில் எழுதிவிட்டேன். தம்பி எண்ணுக்குப் பக்கத்தில் உங்கள் எண்ணையும் குறித்துக்கொண்டேன்.

குருத்து விட்டுவிட்டதென்றால் நாளைக்குத் தள்ள வேண்டாம். வேர் நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால், பிரிக்கும்போதே பாதி ஒடிந்துபோகும். இன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நாற்றங்காலில் தெளித்துவிடுங்கள். அதுவரை சாக்கை நிழலில் பரத்தி வையுங்கள், கட்டியபடியே இருந்தால் சூடேறிவிடும். தெளிக்கும் மேட்டில் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது, சேறு ஈரமாக இருந்தால் போதும்.

தூயமல்லி 135 முதல் 140 நாள் பயிர். ஆவணி முதல் வாரம் விதைக்கிறீர்கள், பொங்கலுக்குள் அறுக்கலாம். யூரியாவை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், பயிர் உயரமாகப் போய்ச் சாய்ந்துவிடும். நாற்று ஒரு சாண் வந்ததும் ஒரு போட்டோ அனுப்புங்கள், 'தூயமல்லி' என்று கூடவே எழுதி.