சமூகப் பதற்றத்திற்கான குழு அறிவுசார் நடத்தைச் சிகிச்சை: அமர்வுக் கையேடு

ஆறு உறுப்பினர்களும் இரண்டு சிகிச்சையாளர்களும் வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேரம் கூடும் 12 அமர்வுகளுக்காக இக்கையேடு எழுதப்பட்டுள்ளது.

அமர்வு 1. வரிசையாக எழுந்து அறிமுகம் செய்துகொள்ளச் சொல்ல வேண்டாம். தன் முறைக்காகக் காத்திருப்பதே இவர்களுக்குப் பெரும் வேதனை. முதலில் இருவர் இருவராகப் பேசவிடுங்கள். பிறகு ரகசியம் காக்கும் விதிகளுக்கு ஒப்புதல் பெற்று, எண்ணமும் உடல் அறிகுறியும் தவிர்த்தலும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழற்சியைப் பலகையில் வரைந்து விளக்குங்கள்.

அமர்வு 2. அஞ்சும் சூழல்களை ஒவ்வொருவரும் 0 முதல் 100 வரை மதிப்பிட்டு வரிசைப்படுத்துவர்.

அமர்வு 3. கோப்பையை இறுகப் பிடித்தல், சொல்லப்போவதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தல் போன்ற பாதுகாப்பு நடத்தைகளுடன் ஒருமுறையும், அவற்றைக் கைவிட்டுக் கவனத்தை எதிரிலிருப்பவர் மீது திருப்பி மறுமுறையும், ஒரே உரையாடலை நடத்தி ஒப்பிடச் செய்யுங்கள்.

அமர்வுகள் 4–10. அஞ்சும் சூழலைக் குழுவிலேயே எதிர்கொள்ளும் பயிற்சிதான் சிகிச்சையின் உயிர்நாடி, நேரத்தைச் சுருக்காதீர்கள். "என் குரல் நடுங்கும், எல்லோரும் என்னை மட்டமாக நினைப்பார்கள்" என்று ஓர் உறுப்பினர் கூறினால், அதை எவ்வளவு நம்புகிறார் என்பதை எண்ணால் குறித்துக்கொண்டு, குழுவின் முன் மூன்று நிமிடம் பேசவைத்துக் காணொளி எடுங்கள். அதைப் பார்ப்பதற்கு முன், தாம் எப்படித் தோன்றுவோம் என்று அவர் விவரிக்க வேண்டும். பின்னர் முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். குழுவினர் பாராட்டுவதைவிட, கண்டதை உள்ளபடி சொல்வதே பயன் தரும். "பதறாமல் பேசுவேன்" என்பதை இலக்காக ஏற்காமல், "இரண்டு கருத்துகளைச் சொல்வேன்" என்பதுபோல் செயலாக அமையுங்கள். ஒவ்வொரு அமர்வின் முடிவிலும், அன்று செய்ததை ஒட்டியே வீட்டுப்பயிற்சி அளியுங்கள்.

அமர்வு 11. பயிற்சியை வெளியிடங்களில், அறிமுகமற்றவர்களிடம் செய்வர்.

அமர்வு 12. பதற்றம் மீண்டும் தலைதூக்கும்போது எந்தப் பயிற்சியிலிருந்து தொடங்குவது என்பதை ஒவ்வொருவரும் எழுதிக்கொள்வர்.

எந்த அமர்விலாயினும் தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால், சிகிச்சையாளர்களில் ஒருவர் அன்றே அவரைத் தனியே சந்தித்து மதிப்பீடு செய்ய வேண்டும்.