ஆச்சியின் அரிஷ்டம்

செல்லம்மாள் ஆச்சிக்கு வயது 74. தசமூலாரிஷ்டம் குடிக்கத் தொடங்கியது, மூத்த மகனைப் பெற்றுக் குளித்தெழுந்த நாளில். அப்புறம் அவள் அதை விடவே இல்லை. முட்டுவலியா, வாயுவா, தூக்கமில்லையா, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்தான். மூன்று பிள்ளைப்பேறு, ஒரு கர்ப்பப்பை ஆபரேஷன், வீட்டுக்காரரின் சாவு, எல்லாவற்றையும் அந்தக் கறுத்த தண்ணீர்தான் தன்னைத் தாங்கிக் கடத்தியது என்று சொல்வாள். இரண்டு மருமகள்களுக்கும் பேறுகாலத்தில் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தவள்.

சாமி அறையில் முருகன் படத்துக்குக் கீழே 450 மில்லி பாட்டில் நிற்கும். காலையில் இட்லி முடிந்ததும், ராத்திரி கஞ்சி முடிந்ததும், எவர்சில்வர் டம்ளரில் பாதி. மூடியில் அளந்து குடிப்பவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பாவமாக இருக்கும். "மூடிக் கணக்கெல்லாம் பிள்ளைகளுக்கு மக்ளே. நாம உழைச்ச உடம்பு, நல்லா கேக்கும்" என்பாள்.

கார்த்திகை மாதம் கடவாய்ப்பல் ஒன்று சீழ் வைத்தது. தக்கலையில் பல் டாக்டரிடம் கூட்டிப் போனது பேத்தி சுபா. பி.பார்ம் இரண்டாம் வருஷம் படிக்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள். பல்லைப் பிடுங்கிவிட்டு மாத்திரை எழுதும்போது டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். சுகர் உண்டா, பிரஷர் உண்டா. கடைசியாக, "குடிக்கிற பழக்கம் ஏதாவது?"

ஆச்சி வாயில் பஞ்சைக் கடித்தபடியே நிமிர்ந்து உட்கார்ந்தாள். பேச முடியாததால் கையை மட்டும் ஆட்டினாள். அந்தக் கையாட்டலில் டாக்டர் கொஞ்சம் பயந்துதான் போனார்.

அவள் கோபத்துக்குக் காரணம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தாத்தா சாராயத்தில் போனவர். மரவள்ளிக்கிழங்கு விற்ற காசு, பால் காசு, ஆச்சியின் காதுக் கம்மல், எல்லாம் அந்த வழியில் போயிற்று. ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, 46 வயதில் முடிந்துபோனார். அதற்குப் பிறகு ஆச்சி ஒரு சட்டம் வைத்திருந்தாள். குடித்துவிட்டு வந்தால், மகனானாலும் நடைவாசல் தாண்டக் கூடாது. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, விபூதி பூசிவிடுகிற சாக்கில் பையனின் முகத்தருகே குனிந்து மூச்சை முகர்ந்து பார்த்தாள். அந்தப் பையன்தான் சுபாவின் அப்பா.

மாத்திரை தொடங்கிய அன்று ராத்திரியே ஆச்சிக்கு வாந்தி. மறுநாள் காலையிலும். முகமும் கழுத்தும் சிவந்து, நெஞ்சு படபடவென்று அடித்தது. "பல்லு பிடுங்கின சூடு" என்றாள். சூட்டைத் தணிக்க இன்னும் கால் டம்ளர் அரிஷ்டம் கூடுதலாகக் குடித்தாள். மத்தியானம் தலையைத் தூக்க முடியவில்லை.

சுபா மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்று அமாக்ஸிசிலின். இன்னொன்று மெட்ரோனிடசோல். அந்தப் பெயரைப் பார்த்ததும் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. இந்த மாத்திரை உள்ளே போகும் நாட்களிலும், நிறுத்திய பிறகு மூன்று நாள் வரைக்கும், ஆல்கஹால் தொடக் கூடாது. சேர்ந்தால் முகம் சிவக்கலாம், படபடப்பு வரலாம், குமட்டிக்கொண்டு வரலாம்.

ஆனால் ஆச்சிக்கு ஏது ஆல்கஹால்?

சாமி அறைக்குப் போய் பாட்டிலை எடுத்துவந்தாள். ஆச்சி கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தாள்.

"அத எதுக்கு எடுக்கே? இப்பதான் குடிச்சேன்."

"லேபிள வாசிச்சுப் பாக்கேன் ஆச்சி."

"வாசிக்கதுக்கு என்ன இருக்கு? எனக்கிட்ட கேளு, சொல்லுதேன்."

எழுத்து எறும்புக் காலளவு. சுபா ஜன்னல் பக்கம் நகர்ந்து வாசிக்கத் தொடங்கினாள். "ஈகிள் மார்மெலோஸ்."

"அது என்ன பேரு?"

"வில்வம்."

"வில்வ வேரு. கோயில் குளத்துப் பக்கம் நிக்குல்லா, அதேதான். அடுத்தது குமிழா?"

மெலினா ஆர்போரியா. குமிழ்தான். சுபா ஆச்சரியத்துடன் ஏறிட்டுப் பார்த்தாள். ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனாள். பாதிரி, முன்னை, பலகைப்பையாணி. ஓரிலை, மூவிலை. கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, நெருஞ்சி. பெரிய மரம் ஐந்து, சின்னச் செடி ஐந்து, ஆகப் பத்து வேர். வரிசை கொஞ்சம் மாறியதே தவிர லேபிளில் ஒன்றுகூட விடுபடவில்லை.

"பலகைப்பையாணின்னா எது ஆச்சி?"

"வாள் மாதிரி நீளமா காய் தொங்கும். குலசேகரத்துல எனக்க அம்மை வீட்டுக்குப் பின்னால நின்னுது. வேரு பூராவும் எடுத்துறப்பிடாது, ஒரு பக்கம் வெட்டிட்டு மண்ணு மூடிரணும். மரம் சாவப்பிடாதுல்லா. எனக்க அம்மை வீட்டுலயே அரிஷ்டம் போடுவா, கேட்டியா. வேரெல்லாம் இடிச்சு, செம்புல நாள் பூரா வேகவச்சு, வடிகட்டி ஆறப்போட்டு, பானையில ஊத்துவா. வெல்லம், தேன், கொடிமுந்திரிப்பழம். அப்புறம் தாதிரிப்பூ. செவந்த பூ, மலைச்சரிவுல பூக்கும். பூவு போடலன்னா ஒண்ணும் நடக்காது."

"பூ போட்டா என்ன நடக்கும்?"

"பொரியும். வாயில துணி கட்டி, மண்ணு பூசி, நெல்லு அம்பாரத்துக்குள்ள ஒரு மாசம் வைப்பா. நான் சின்னப்பிள்ள, பானையில காத வச்சுக் கேப்பேன். உள்ள குசுகுசுன்னு பேசும். சத்தம் நின்ன பெறவு அம்மை பானையத் தொறந்து, திரியக் கொளுத்தி உள்ள எறக்குவா. திரி அணைஞ்சா இன்னும் ஆவல. நின்னு எரிஞ்சா ஆச்சு."

சுபாவுக்கு அந்தத் திரியின் கணக்கு உடனே புரிந்தது. நொதிக்கும்போது கரியமில வாயு வரும், அது தீயை அணைக்கும். பள்ளிக்கூடம் போகாத ஒருத்தி, ஒரு திரியை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். அதைச் சொல்லி ஆச்சியை மெச்ச வேண்டும் போலிருந்தது. ஆனால் கண் லேபிளின் கடைசி வரியில் போய் நின்றது.

"வாசி. ஏன் நிறுத்திட்ட?"

"வெல்லம் போட்டிருக்கு ஆச்சி. நிறைய. உங்க சுகர் எறங்காததுக்கு இதுவும் ஒரு காரணம்."

"அது வெல்லம்லா, சீனி இல்லியே."

"ரெண்டும் சுகர் ஏத்தும்."

"செரி. அடுத்தது?"

சுபா கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மாத்திரை முடிகிறவரை அரிஷ்டம் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதும். ஆனால் இவ்வளவு நேரம் பத்து வேரையும் மனப்பாடமாகச் சொன்னவளிடம், பதினொன்றாவதை மட்டும் எப்படி மறைப்பது?

"தானா உண்டாகுற ஆல்கஹால், அஞ்சிலிருந்து பத்து சதவீதம்னு போட்டிருக்கு ஆச்சி."

"அப்படின்னா?"

"சாராயம்."

ஆச்சி கண்ணைத் திறந்தாள். பாட்டிலைக் கையில் வாங்கி, தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தை விரலால் தடவினாள்.

"எவன் கலந்தான்?"

"யாரும் கலக்கல. நீங்க கேட்டியளே, பானைக்குள்ள பொரியுற சத்தம், அதுதான். பூவுல இருக்குற ஈஸ்ட் வெல்லத்தத் தின்னு சாராயமாக்கும். அதுலதான் வேரோட சத்து எறங்கும், மருந்து கெட்டுப் போகாமலும் இருக்கும்."

"கள்ளு நொரைக்கது மாதிரியா?"

"அதேதான்."

வெளியே தேங்காய் வெட்டுகிறவன் குலையை இறக்கும் சத்தம் கேட்டது. ஆச்சி வெகுநேரம் பேசவில்லை.

"அப்ப உனக்க தாத்தா குடிச்சதும் இதுவும் ஒண்ணா?"

"பொருள் ஒண்ணுதான் ஆச்சி. அளவு வேற. இதுல போட்டிருக்க அளவு 15லேருந்து 30 மில்லி, அதுவும் தண்ணி கலந்து. அந்த அளவுல சாராயம் ரொம்பக் கொஞ்சம்."

"நான் அரை டம்ளருல்லா குடிக்கேன்."

"ஆமா."

"ரெண்டு நேரம்."

"ஆமா ஆச்சி."

"குடிச்சதும் உடம்பு லேசாவும். நல்லா உறக்கம் வரும். வேருக்க குணம்னு நெனச்சேன்." சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். "உனக்க அம்மைக்கும் ஊத்திக் குடுத்தேனே. நீ பால் குடிச்சுட்டு கிடந்தப்ப."

"அம்மா மூடி அளவுதான் குடிச்சாங்களாம். மிச்சத்த முருங்கை மூட்டுல ஊத்திருவாங்களாம், கசப்பு தாங்காம. எங்கிட்ட சொல்லியிருக்காங்க."

ஆச்சி மகளை மனதுக்குள் திட்டுவாள் என்று சுபா எதிர்பார்த்தாள். அவளோ நீண்ட மூச்சு விட்டு, "நல்ல காரியம் செய்தா" என்றாள். பாட்டிலை மூடி, சாமி அறைக்குக் கொடுக்காமல், அடுக்களை அலமாரியில் வைக்கச் சொன்னாள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கே குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, துணிப்பையோடு தயாராக நின்றாள்.

"எங்க ஆச்சி?"

"பல்லு டாக்டருட்ட. அவரு கேட்டதுக்கு நான் பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"பொய் இல்ல ஆச்சி, உங்களுக்குத் தெரியாது."

"இப்பத் தெரியும்லா. நட."

டாக்டர் நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், தையலைப் பார்த்தார். சுபா மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் தலையசைத்தார். சில பேருக்கு அந்த மாத்திரை தனியாகவே வாந்தி வர வைக்கும், அரிஷ்டமும் சேர்ந்ததால் கூடியிருக்கலாம் என்றார். ஐந்து நாள் மாத்திரை முடிந்து, இன்னும் மூன்று நாள் கழிகிறவரை பாட்டிலைத் தொட வேண்டாம். அப்புறமும் வேண்டுமென்றால், சுகர் பார்க்கிற டாக்டரிடம் கேட்டுவிட்டு, மூடியளவு மட்டும்.

"அது கெடக்கட்டும்" என்றாள் ஆச்சி. "நீங்க அந்தச் சீட்டுல எழுதிக்கிடுங்க. குடிக்கிறது உண்டுன்னு."

"பாட்டி, அப்படியெல்லாம் எழுத வேண்டாம். மருந்துதானே."

"மருந்துன்னே எழுதுங்க. தசமூலாரிஷ்டம், அரை டம்ளர், ரெண்டு நேரம். இன்னொண்ணு கேளுங்க. குடிப்பழக்கம் உண்டான்னு கேட்டா இந்த ஊருல எந்தக் கிழவியும் இல்லன்னுதான் சொல்லுவா. அவ வீட்டுல போய்ப் பாருங்க, சாமி படத்துக்குக் கீழ ஒரு பாட்டில் இருக்கும். அரிஷ்டம் குடிப்பியான்னு கேளுங்க. எத்தன டம்ளர்னு கேளுங்க."

டாக்டர் பேனாவை எடுத்து, ஆச்சி சொன்னதை அப்படியே சீட்டில் எழுதினார். "வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?"

ஆச்சி துணிப்பையை மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். ஒரு லேகியம், ஒரு சூரணம், பேர் அழிந்துபோன ஒரு எண்ணெய், பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த ஏதோ ஒரு குளிகை. கடைசியாகக் கண்ணாடியைத் தேடி எடுத்து, அதைப் பேத்தியின் மூக்கில் மாட்டிவிடப் போனாள்.

"எழுத்து சின்னது மக்ளே. ஒண்ணுவிடாம வாசி. டாக்டரும் கேக்கட்டும்."