பத்து வயது ஆகும் என் கண்ணுக்கு

கண்ணு, பிறந்தநாள் வாழ்த்துகள். நூறு வயசு நல்லா இருக்கணும். பாட்டி எழுதுவதை உங்கம்மா இங்கிலீஷில் எழுதித் தருவாள். அம்மாடி, "கண்ணு" என்பதை மட்டும் மாற்றாதே, அப்படியே விடு. இதைத் தம்பிக்கும் படித்துக் காட்டு, இல்லையென்றால் அவன் கோபித்துக்கொள்வான்.

காவேரிப்பட்டணத்தில் இப்போது மாம்பழக் காலம். நம் கொல்லையில் செந்தூரா பழுத்துக் கிடக்கிறது. போன தடவை வந்தபோது நீ முழுப்பழத்தை அழுத்திப் பிசைந்து, காம்புப் பக்கம் கடித்து உறிஞ்சினாய். முழங்கை வரை சாறு வழிந்து, புது சட்டையெல்லாம் மஞ்சள். உங்கம்மா திட்டினாள், நான் சிரித்தேன். அந்தச் சட்டை இங்கேயேதான் இருக்கிறது. கறை போகவில்லை, நானும் அழுத்தித் துவைக்கவில்லை.

உனக்குக் களி பிடிக்காது என்று தெரியும். சரி, வற்புறுத்த மாட்டேன். ஆனால் கீரைக் கடைசலோடு ஒரு உருண்டை, ஒன்றே ஒன்று.

காலையில் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார், ரோகிணி என்றேன். விபூதி பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். கேக் வெட்டும்போது போனில் கூப்பிடு. எத்தனை மணியானாலும் பாட்டி விழித்திருப்பேன்.

உன் பாட்டி