4-ஆம் நம்பர் ஹைட்ராலிக் பிரஸ்: பூட்டு, டேக் போடும் முறை

டை மாற்றினாலும் சரி, சீல் மாற்றினாலும் சரி, சென்சார் துடைக்க ஒரு நிமிடம் கை விட்டாலும் சரி, முதலில் பூட்டு. எமர்ஜென்சி பட்டனை அமுக்கிவிட்டு உள்ளே போகாதீர்கள். அது கன்ட்ரோல் சர்க்யூட்டைத்தான் நிறுத்தும், பேனலுக்குள் 415 வோல்ட் அப்படியே இருக்கும்.

ஆப்பரேட்டரிடமும் ஷிஃப்ட் சூப்பர்வைசரிடமும் நேரில் சொல்லுங்கள். ராமை மேலே ஏற்றி, சேஃப்டி பிளாக்கைக் கைப்பிடியில் பிடித்து வைத்து (கை டைக்கு நடுவே போகவே கூடாது), இன்ச்சிங்கில் மெதுவாக இறக்கி அதன்மேல் உட்கார வையுங்கள். அப்புறம் மோட்டாரை நிறுத்தி, மெயின் ஐசோலேட்டரை ஆஃப் செய்து ஹாஸ்ப் மாட்டுங்கள்.

வேலைக்கு நான்கு பேர் போனால் ஹாஸ்பில் நான்கு பூட்டு தொங்க வேண்டும். ஃபிட்டர் போட்ட பூட்டு ஹெல்ப்பரைக் காப்பாற்றாது. அவரவர் சாவி அவரவர் பாக்கெட்டில். டேக்கில் பெயர், டிபார்ட்மென்ட், தேதி, நேரம், என்ன வேலை என்று தெளிவாக எழுதுங்கள். டேக் மட்டும் கட்டிவிட்டுப் பூட்டை விடுவது இங்கே செல்லாது.

கரண்ட் போனதோடு முடியவில்லை, இந்த மெஷினில் அதிகம் ஏமாற்றுவது தேங்கி நிற்கும் அழுத்தம்தான். ஏர் வால்வை மூடிப் பூட்டி, லைனில் மிச்சமுள்ள காற்றை வெளியேற்றுங்கள். பம்ப் நின்ற பிறகும் அக்குமுலேட்டரில் ஆயில் அழுத்தத்தோடு இருக்கும், அதன் பிளீட் வால்வை மெல்லத் திறந்து, கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்து அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள். முள் மறுபடி ஏறினால் எங்கோ அழுத்தம் மாட்டியிருக்கிறது, ஒரு ஹோஸைக்கூடத் தளர்த்தாதீர்கள். கசிவைக் கையால் தடவித் தேடவும் வேண்டாம், ஊசிபோல வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது சோதனை. எலக்ட்ரீஷியன் டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கும் வேறொரு இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு இந்த ஐசோலேட்டரின் வெளியேறும் பக்கத்தில் மூன்று ஃபேஸையும் ஒன்றுக்கொன்றும் எர்த்துக்கும் அளந்து, மறுபடி அந்தக் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து டெஸ்டர் நன்றாக இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். எல்லோரும் தள்ளி நிற்கும்போது ஸ்டார்ட் பட்டனை அமுக்குங்கள். எதுவும் அசையவில்லை என்றால்தான் வேலை தொடங்கும்.

ஷிஃப்ட் மாறும்போது வருகிறவர் பூட்டுப் போட்ட பிறகே போகிறவர் தன் பூட்டைக் கழற்ற வேண்டும், நடுவில் ஒரு நொடிகூட ஹாஸ்ப் காலியாக இருக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் டூல்ஸை எண்ணி எடுத்து, பிளீட் வால்வை மூடி, பாதுகாப்புத் தடுப்பை மாட்டி, எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டு அவரவர் பூட்டை அவரவரே கழற்றுங்கள். பவர் வந்ததும் ராமைக் கொஞ்சம் தூக்கி, அதே கைப்பிடியால் பிளாக்கை எடுத்துவிடுங்கள். யாராவது பூட்டை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் கட்டர் எடுக்காதீர்கள். மெயின்டனன்ஸ் மேனேஜர் அவரை போனில் பிடித்து, அவர் ஆலைக்குள் இல்லை என்பதை உறுதி செய்து, மெஷினைச் சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வெட்டலாம். அவர் அடுத்து வேலைக்கு வரும்போது, மெஷின் பக்கம் போவதற்கு முன்பே, பூட்டு வெட்டப்பட்டதை அவரிடம் சொல்லிவிட வேண்டும்.