கயிற்றில் கட்டிய மணி

நாகர்கோவிலிலிருந்து வந்த ரயில் மதுரையில் என்னை இறக்கிவிட்டபோது இரவு மணி பதினொன்றரை. போன் திருமங்கலத்திலேயே அணைந்துவிட்டது. அக்காவின் நம்பர் மனப்பாடமில்லை. அம்மா சொல்லச் சொல்ல எழுதிய துண்டுச்சீட்டு மட்டும் சட்டைப்பையில்: ‘112, மேல மாசி வீதி, மூன்றாம் மாடி.’

டவுன்ஹால் ரோடு வழியாக நடந்து போய்ச் சேர்ந்தேன். 112 என்ற எண்ணில் ஷட்டர் இறக்கிய துணிக்கடை. அதற்கு மாடியே இல்லை.

டீக்கடைக்காரர் சீட்டைப் பார்த்தார். “நம்பர் சரிதான் தம்பி. இங்க குடித்தனமே கிடையாதே.” என் போனுக்குப் பொருந்துகிற சார்ஜர் அவரிடம் இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்தேன். அக்கா இங்கே குடிவந்து ஒன்றரை வருஷம், நான் ஒருமுறைகூட வரவில்லை. ஞாயிறு தவறாமல் போனில் பேசுவாள். மாவு பிசைந்துகொண்டே, துணி மடித்துக்கொண்டே பேசுவாள். நான் பாதிதான் கேட்பேன். அந்தப் பாதியைத்தான் இப்போது தோண்டினேன்.

“சாயங்காலம் மொட்டைமாடியில நின்னா கோபுரத்துக்குப் பின்னாடி சூரியன் இறங்கும், மக்கா. அம்புட்டு அழகு.”

நிமிர்ந்து பார்த்தேன். நான் இருந்த இடத்திலிருந்து கோபுரங்கள் கிழக்கே. இங்கிருந்து பார்த்தால் அவற்றுக்குப் பின்னால் சூரியன் உதிக்கத்தான் முடியும். கோபுரத்துக்குப் பின்னால் அஸ்தமனம் தெரிய வேண்டுமென்றால் வீடு கோயிலுக்குக் கிழக்கே இருக்க வேண்டும். கீழ மாசி வீதி! அம்மா மேலயையும் கீழயையும் மாற்றிச் சொல்லியிருக்கிறாள்.

தெற்கு மாசி வீதி நெடுக நடந்தேன். விளக்குத்தூணில் இடப்பக்கம் திரும்பியதுமே மிளகாய் வத்தல் நெடி மூக்கில் ஏறியது. அடுக்கடுக்காய்த் தும்மினேன். அக்காவும் போனில் இப்படித்தான் தும்முவாள், “கீழ மூட்டை இறக்குதாவ” என்று. ஒரு லாரியிலிருந்து அந்த நேரத்திலும் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் வீதி முழுக்கவே மளிகைக் கடைகள். எண் எழுதிய பலகைகள் இருட்டில் தெரியவில்லை.

சித்திரைத் தேரன்று அவள் கத்திப் பேசியது ஞாபகம் வந்தது: “வடம் பிடிக்கியவங்க தலையெல்லாம் எங்க மாடிக்கு நேர் கீழ! தேர் இன்னும் நகரவே இல்ல!” நகராத தேர் என்றால் தேர்முட்டிதான்.

தேர்முட்டிக்கு எதிரே மூன்று மாடிக் கட்டடங்கள் இரண்டு. ஒன்றின் மேல்மாடி கம்பியிலிருந்து நைலான் கயிறு தொங்கியது. அதன் நுனியில், கைக்கெட்டும் உயரத்தில், ஒரு பிளாஸ்டிக் கூடை. படியேறி முட்டி வலிக்கிறதென்று காய்காரருக்கும் பால்காரருக்கும் கூடை இறக்குவதாகச் சொல்லியிருந்தாள். “ரெண்டு தடவை இழுத்தா மேல மணி அடிக்கும்.”

அம்மா கொடுத்தனுப்பிய நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொட்டலத்தைக் கூடையில் வைத்தேன். இரண்டு தடவை இழுத்தேன்.

மேலே சின்னதாக மணிச் சத்தம். விளக்கு எரிந்தது.

“யாரு அது, இந்நேரத்துல?”

“நாந்தாங்க்கா.”

கூடை அசைந்து மேலே ஏறத் தொடங்கியது. பாதியில் நின்றது.

“மக்கா! நீயா? நில்லு, நில்லு, சாவி எடுத்துட்டு வாரேன்!”

முட்டி வலிக்காரி மூன்று மாடியும் தடதடவென்று இறங்கி வருவது கேட்டது.